நுரையீரல் ஆறாமலே மூச்சிரைப்பு எப்படிக் குறைகிறது

"அம்மாவுக்கு 59 வயது. பென்னாகரம் பக்கம் கிராமம், நாற்பது வருடமாக விறகடுப்பு. பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. தர்மபுரியில் பார்த்தபோது சி.ஓ.பி.டி. என்றார்கள். நுரையீரல் பழுதானது பழுதானதுதான், திரும்ப வராது என்று சொன்ன டாக்டரே எட்டு வாரம் உடற்பயிற்சிக்கு வரச் சொல்கிறார். வாசலில் இருந்து குழாயடிக்குப் போனாலே மூச்சு வாங்குகிறவருக்கு என்ன உடற்பயிற்சி? சரியாகாத நுரையீரலுக்கு அது என்ன செய்யும்?"

நுரையீரலுக்கு எதுவும் செய்யாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயிற்சி முடிந்து மறுபடி ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சளவுக் கருவியில் ஊதிப் பார்த்து, எண் ஏறவில்லை என்றதும் "எல்லாம் வீண்" என்று நிறுத்திவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நான் கிருஷ்ணகிரியில் பிசியோதெரபிஸ்ட். நெஞ்சு நோய்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. உங்கள் டாக்டர் சொன்ன இரண்டும் உண்மை. நுரையீரல் திரும்பாது, ஆனால் மூச்சிரைப்பு குறையும். எப்படி என்று புரிந்தால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதற்கு நீங்களே அவசரப்படுவீர்கள்.

சி.ஓ.பி.டி. என்ற இந்த நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் மூச்சை உள்ளே இழுப்பதில்தான் சிக்கல் என்று பலரும் நினைக்கிறார்கள், உண்மையில் வெளியே விடுவதில்தான் பெரிய சிக்கல். விறகுப் புகை பல வருடங்களாகக் காற்றுக்குழாய்களைத் தடிக்கவும் சுருங்கவும் வைத்துவிட்டது, அவற்றை விரித்துப் பிடிக்கும் மெல்லிய சுவர்களும் தளர்ந்துவிட்டன. இழுக்கும்போது நெஞ்சு விரிகிறது, குழாயும் கொஞ்சம் திறக்கிறது, காற்று போய்விடுகிறது. விடும்போது குழாய் ஒடுங்கிக்கொள்வதால் காற்று மெதுவாகத்தான் கசிந்து வரும், அதற்கு நேரம் வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது அந்த நேரம் கிடைக்கிறது. நடக்க ஆரம்பித்ததும் மூச்சு வேகமாகிறது, நேரம் குறைகிறது, பழைய காற்று முழுக்க வெளியேறும் முன்பே அடுத்த மூச்சு வந்து ஏறிக்கொள்கிறது. தர்மபுரி பேருந்து நிலையத்தில் சேலம் வண்டி வந்து நிற்கும்போது பார்த்திருப்பீர்கள், இறங்குகிறவர்கள் படியில் இருக்கும்போதே ஏறுகிறவர்கள் முண்டியடிப்பார்கள். உள்ளே கூட்டம் நெரியும், புதிதாக யாரும் ஏற முடியாது. அம்மாவின் நெஞ்சில் குழாயடிக்குப் போகும் வழியில் நடப்பது இதேதான்.

இது எப்படி இருக்கும் என்று நீங்களே செய்து பார்க்கலாம். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொள்ளுங்கள், அதை விடாமல் மேலேயே சின்னச் சின்னதாக ஐந்தாறு தடவை இழுத்து விடுங்கள். பத்து நொடியில் திணறும். உள்ளே காற்று நிறைய இருக்கும்போதே காற்றே இல்லாதது போல இருக்கும். அந்தத் திணறலைத்தான் அம்மா "மூச்சு வாங்குது" என்று சொல்கிறார்.

சரி, இதில் காலுக்கு என்ன வேலை?

மூச்சு வாங்குகிறது என்பதால் ஒருவர் நடப்பதைக் குறைத்துக்கொள்கிறார். தண்ணீர் பிடிக்க மருமகள் போகிறார், கடைக்குப் பேரன் போகிறான், அம்மா திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறார். அன்பினால் செய்வதுதான், ஆனால் ஆறு மாதத்தில் தொடைத் தசை இளைத்துவிடுகிறது. இளைப்பதோடு அதன் தன்மையும் மாறுகிறது. தசைக்குள் ஆக்சிஜனை எரித்துச் சக்தி எடுக்கும் அமைப்புகள் குறைகின்றன, தசையைச் சுற்றியுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களும் குறைகின்றன. அப்படிப்பட்ட தசைக்கு ஐம்பது அடி நடப்பதே பெரிய வேலை. ஆக்சிஜனை வைத்து அந்த வேலையைச் சமாளிக்க முடியாமல் சீக்கிரமே லாக்டிக் அமிலத்தை உண்டாக்கிவிடும். அந்த அமிலத்தை ரத்தம் சமன்செய்யும்போது கூடுதலாகக் கரியமில வாயு உண்டாகிறது, அதை வெளியேற்று வெளியேற்று என்று மூளை மூச்சை விரட்டுகிறது. ஆக, தளர்ந்த கால் இன்னும் அதிக மூச்சைக் கேட்கிறது, அதிகமாக விட முடியாத நுரையீரலிடம். மூச்சு வேகமாகிறது, காற்று தேங்குகிறது, திணறல் கூடுகிறது, அம்மா இன்னும் கொஞ்சம் உட்கார்ந்துவிடுகிறார்.

பயிற்சி வேலை செய்வது இந்த இடத்தில்தான். நுரையீரலைப் போல இல்லாமல் தொடைத் தசை 59 வயதிலும் 75 வயதிலும் திரும்ப வரும். அதே குழாயடி, அதே தூரம், ஆனால் பயிற்சி பெற்ற தசை அங்கே போவதற்குக் குறைவான அமிலத்தையே உண்டாக்கும். மூளை குறைவாக விரட்டும். நிமிடத்துக்கு 30 மூச்சு எடுத்தவர் 22 எடுத்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் நேரம் 2 நொடியில் இருந்து கிட்டத்தட்ட 2.7 நொடி ஆகிறது. அந்தக் கூடுதல் நேரம் பெரும்பாலும் மூச்சை விடுவதற்கே கிடைக்கிறது, தேங்கும் காற்று குறைகிறது. நுரையீரல் அப்படியேதான் இருக்கிறது, அதன் மேல் விழும் பாரம்தான் குறைந்திருக்கிறது. இது நோயாளியைத் தேற்றுவதற்காக நாங்கள் சொல்லும் வார்த்தை இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில் 65 சோதனைகள், 3822 நோயாளிகள். பயிற்சி பெற்றவர்கள் ஆறு நிமிடத்தில் மற்றவர்களைவிடச் சராசரியாக 44 மீட்டர் அதிகம் நடந்தார்கள், மூச்சிரைப்பும் குறைந்தது. சான்று போதும், பயிற்சியா வழக்கமான கவனிப்பா என்று ஒப்பிடும் சோதனை இனித் தேவையில்லை என்ற அளவுக்குப் பேச்சு போனது.

இன்னொரு பங்கு பயத்துக்கு உண்டு. மூச்சு வாங்கும்போது "போய்விடுவேனோ" என்று தோன்றினால் மூச்சு இன்னும் வேகமாகும், தோள் இறுகும். பக்கத்தில் ஆள் நிற்க, விரலில் கருவி மாட்டியிருக்க, வேண்டுமென்றே கொஞ்சம் மூச்சு வாங்க வைத்து, இரண்டு நிமிடத்தில் அது தானாக அடங்குவதை இருபது தடவை அனுபவித்தவருக்கு அந்தப் பயம் கழன்றுவிடும். வாயால் எவ்வளவு சொன்னாலும் இது வராது, உடம்பு பார்த்தால்தான் நம்பும்.

பயிற்சி எப்படிப் போகும் என்பதை என்னிடம் வந்த ஓர் அம்மாவை வைத்தே சொல்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கம், 61 வயது, உங்கள் அம்மாவைப் போலவே விறகடுப்புதான். ஸ்பைரோமெட்ரியில் முதல் நொடியில் ஊதிய காற்று 0.82 லிட்டர், அவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார், வரும்போதே "என்னால முடியாது சார்" என்றார்.

முதல் நாள் பயிற்சி கிடையாது, அளப்பது மட்டும்தான். 30 மீட்டர் நீளமுள்ள தாழ்வாரத்தில் இரண்டு முனையிலும் குறி வைத்து, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு நடக்கச் சொல்வோம், நிற்கலாம், சாயலாம், கடிகாரம் மட்டும் ஓடும். பழக்கம் இல்லாததால் முதல் தடவை பெரும்பாலோர் குறைவாகத்தான் நடப்பார்கள், அதனால் அரை மணி நேரம் ஓய்வு கொடுத்து இரண்டாவது தடவை நடக்கவைத்து, இரண்டில் கூடுதலானதை எடுத்துக்கொள்வோம். அந்த அம்மா 216 மீட்டர், நடுவில் இரண்டு தடவை நின்றார். ஆக்சிஜன் அளவு 95இல் இருந்து 90க்கு இறங்கியது. மூச்சிரைப்புக்கு 0 முதல் 10 வரை ஓர் அளவுகோல் உண்டு, 0 என்றால் ஒன்றுமில்லை, 3 என்றால் மிதமாக, 5 என்றால் கடுமையாக, 10 என்றால் இதற்கு மேல் தாங்காது. அவர் காட்டியது 6.

இந்த எண்களை வைத்துத்தான் மருந்து போல அளவு போடுகிறோம். ஆறு நிமிடத்தில் 216 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 36 மீட்டர். பயிற்சி வேகம் அதில் 80 சதவீதம், அதாவது சுமார் 29 மீட்டர். எங்கள் தாழ்வாரக் கணக்கில் கிட்டத்தட்ட நிமிடத்துக்கு ஒரு நீளம். முதல் வாரம் மூன்று நிமிட நடை, ஒரு நிமிட ஓய்வு, இப்படி நான்கு தடவை, அவ்வளவுதான். மூச்சிரைப்பு அளவுகோலில் 3க்கும் 5க்கும் நடுவில் இருக்க வேண்டும். இதைக் குடும்பத்தாரிடம் நான் அழுத்திச் சொல்வது வழக்கம், ஏனென்றால் மூச்சு வாங்கினாலே உடனே நிறுத்தச் சொல்லி ஓடி வருவார்கள். மூச்சே வாங்காமல் நடந்தால் தசைக்குப் பாடம் ஏறாது. 1, 2 என்று சொல்லிக்கொண்டு எட்டு வாரம் உலாத்துகிறவர்கள் எட்டாவது வாரமும் அதே தூரம்தான் நடப்பார்கள். ஒரு வாக்கியம் பேச முடிகிறது, ஆனால் நடுவில் ஒரு மூச்சு எடுக்க வேண்டியிருக்கிறது என்ற நிலை சரியான நிலை. இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை என்றால் அது அதிகம், நிறுத்திவிடலாம்.

நடையோடு தசை வேலையும் உண்டு. கை வைக்காத நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதுதான் அதில் முக்கியமானது. அந்த அம்மாவுக்கு முதலில் ஆறு தடவை, இரண்டு சுற்று. மூன்றாம் நாள் "தொடை எல்லாம் வலிக்குது, எனக்கு ஒத்துக்கலை" என்று வராமல் இருந்துவிட்டார், போன் செய்து வரவழைத்தேன். பயன்படாமல் கிடந்த தசை வேலை செய்தால் இரண்டு நாள் வலிக்கும், களை எடுக்க ஆரம்பித்த முதல் வாரம் இடுப்பு வலிப்பது போலத்தான். மூட்டில் குத்துகிற வலி, நெஞ்சில் வலி, இவை வேறு, அதற்கு நிறுத்தித்தான் ஆக வேண்டும். கைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கவைத்தோம். கையைத் தலைக்கு மேலே தூக்கும் வேலைகள், தலை சீவுவது, பரணில் இருந்து டப்பா எடுப்பது, துணி காயப்போடுவது, இவற்றில் இந்த நோயாளிகளுக்கு அதிகம் திணறும், ஏனென்றால் தோள், கழுத்துத் தசைகள் ஏற்கெனவே மூச்சு இழுக்க உதவிக்கொண்டிருக்கின்றன.

மூச்சுப் பயிற்சி என்று நாங்கள் கற்றுக்கொடுப்பது உண்மையில் ஒரே ஒரு பழக்கம்தான். மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் வரை மெதுவாக விடுவது. உதடு குவிந்திருப்பதால் வாயில் ஒரு சின்ன எதிர் அழுத்தம் உண்டாகிறது, அது உள்ளே ஒடுங்கப் பார்க்கும் குழாய்களைக் கொஞ்ச நேரம் திறந்து பிடிக்கிறது, மூச்சும் தானாக நிதானமாகிறது. அந்த அம்மா இதைச் செய்தபோது மூச்சிரைப்பு குறையவில்லை, கூடியது. உற்றுப் பார்த்த பிறகுதான் புரிந்தது, நாற்பது வருடம் ஊதுகுழலால் அடுப்பு ஊதியவர், அதே பலத்தில் வயிற்றை எக்கி ஊதிக்கொண்டிருந்தார். பலமாக ஊதினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, தளர்ந்த குழாய் முன்னதாகவே மூடிக்கொள்ளும், காற்று உள்ளேயே மாட்டும். எதிரே ஒரு விளக்கை ஏற்றிவைத்து, சுடர் அணையக் கூடாது, லேசாகச் சாய்ந்தால் போதும் என்றேன். அதற்கப்புறம் வந்துவிட்டது. உங்கள் அம்மாவும் இதே தவறைச் செய்ய வாய்ப்பு அதிகம், கவனித்துப் பாருங்கள்.

அந்த மூச்சை எங்கே பயன்படுத்துவது என்பதுதான் பாடத்தின் மீதி. பாரம் தூக்கும் கணத்தில், எழுந்திருக்கும் கணத்தில், படி ஏறும் கணத்தில் மூச்சை விட வேண்டும், அடக்கக் கூடாது. குடத்தைத் தூக்கும்போது எல்லோருமே மூச்சைப் பிடித்துக்கொள்வோம், இவர்களுக்கு அது ஆகாது. இழுத்துக்கொண்டு குனி, விட்டுக்கொண்டே நிமிர். முழுக் குடத்துக்குப் பதில் அரைக் குடமாக இரண்டு தடவை. திணறல் வந்துவிட்டால் மல்லாந்து படுக்காமல், திண்ணையிலோ நாற்காலியிலோ உட்கார்ந்து முன்னால் சாய்ந்து முழங்கைகளைத் தொடைமேல் ஊன்ற வேண்டும், நிற்கும் இடத்திலேயே வந்தால் சுவரிலோ மரத்திலோ கையை ஊன்றிச் சாயலாம். கை ஊன்றியதும் தோள் தசைகள் மூச்சுக்கு முழுதாக உதவ முடிகிறது, முன்னால் சாய்வதால் தட்டையாகிப்போன உதரவிதானத்துக்கும் வேலை கொஞ்சம் சுலபமாகிறது. சாப்பாட்டிலும் ஒன்று சொல்ல வேண்டும், நம் பக்கம் இரவில் பெரிய உருண்டையாக ராகிக் களி சாப்பிட்டுப் படுப்போம், நிறைந்த வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும். களியை விட வேண்டாம், உருண்டையைச் சின்னதாக்கி ஒரு நேரத்தை இரண்டாகப் பிரித்தால் போதும், கூடவே கொள்ளு, அவரை, முட்டை, கடலை என்று தசைக்குத் தேவையான புரதம் சேரட்டும். இளைத்தவர்களுக்கு இது இல்லாமல் பயிற்சி மட்டும் கொடுத்தால் எடை இன்னும் இறங்கும்.

இன்ஹேலர் பற்றி நான் இங்கே விரிக்கவில்லை. ஆனால் முதல் வாரத்திலேயே நோயாளியை எங்கள் எதிரில் அடிக்கச் சொல்லிப் பார்ப்போம். பாதிப் பேர் நாக்கில்தான் அடிக்கிறார்கள். அழுத்தி அடிக்கும் இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசர் குழாயில் பொருத்தி, மூச்சை முழுதாக விட்டுவிட்டு, அழுத்தி, மெதுவாக இழுத்து, பத்து நொடி அடக்குவது சரியான முறை. டாக்டர் அனுமதித்தால் பயிற்சிக்குக் கால் மணி நேரம் முன்பு விரிப்பான் இன்ஹேலர் எடுத்துக்கொண்டு வருவது நடையை எளிதாக்கும்.

நான்காவது வாரம் அந்த அம்மாவுக்குச் சளி பிடித்தது. மாங்கூழ் ஆலைக்குப் போய்வந்த மகனிடம் இருந்து ஒட்டியிருக்கலாம், தெரியவில்லை. சளி வெள்ளையில் இருந்து மஞ்சளானது, அளவும் கூடியது, உட்கார்ந்திருக்கும்போதே திணறல். இந்த மூன்றும் சேர்ந்தால் பயிற்சி நாள் இல்லை, டாக்டரைப் பார்க்கும் நாள். அவர் ஆறு நாள் மருந்தில் இருந்து திரும்பியபோது முந்தைய நேரத்தில் பாதியில் இருந்து ஆரம்பித்தோம், ஒன்றரை வாரத்தில் பழைய இடத்துக்கு வந்தார். இப்படி நடுவில் விழுவது எல்லோருக்கும் நடக்கும், அதோடு விட்டுவிடுகிறவர்கள்தான் இழக்கிறார்கள். நோய் முற்றி ஆஸ்பத்திரியில் படுத்து வீடு திரும்பியவர்களுக்கு அடுத்த சில வாரங்களுக்குள் பயிற்சி தொடங்கினால் மறுபடி படுப்பது குறைகிறது என்பதும் பார்த்ததுதான், எல்லோரும் அந்த நேரத்தில்தான் "இப்போது வேண்டாம், தேறட்டும்" என்பார்கள்.

எட்டாவது வாரம் மறுபடி அளந்தோம். ஸ்பைரோமெட்ரி 0.81 லிட்டர். அதாவது மாற்றம் இல்லை. ஆறு நிமிட நடை 274 மீட்டர், 58 மீட்டர் கூடுதல், நடுவில் நிற்கவில்லை, மூச்சிரைப்பு 4. நோயாளி தன் அன்றாடத்தில் உணரும் அளவுக்கான மாற்றம் என்று இந்தச் சோதனையில் எடுத்துக்கொள்வது சுமார் 30 மீட்டர், அதைப்போல இரண்டு மடங்கு. அவரைக் கேட்டால் மீட்டர் தெரியாது. "இப்ப குளிச்சிட்டு உட்காராமலே சேலை கட்டிக்கிறேன் சார்" என்றார். மூச்சு நோய்க்காரர்களுக்குக் குளிப்பதும் உடுத்துவதும் எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்த வாக்கியத்தின் எடை தெரியும்.

உங்கள் ஊரிலிருந்து வாரம் இரண்டு நாள் தர்மபுரிக்கு எட்டு வாரம் போய்வருவது சிரமம் என்று தெரியும். பயிற்சியில் பாதிப் பேர் நின்றுபோவது பஸ்ஸால்தான், மூச்சால் இல்லை. அளப்பதற்கும் கற்றுக்கொள்வதற்கும் முதல் இரண்டு வாரம் எப்படியாவது போங்கள், மீதியை வீட்டிலேயே செய்யலாம். ஆஸ்திரேலியாவில் ஒரு தடவை வீட்டுக்குப் போய்க் கற்றுக்கொடுத்து, அப்புறம் வாரம் ஒரு போன் மட்டும் செய்து நடத்திய பயிற்சியை 2017இல் வெளியிட்டார்கள், எட்டு வார முடிவில் மையத்துக்கு வந்தவர்களுக்கு நிகராக இருந்தது. 2021 ஆகஸ்டில் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபியும் உண்டு, உங்கள் ஊர்ச் சுகாதாரப் பணியாளரிடம் அம்மாவின் பெயரைச் சொல்லி வையுங்கள். வீட்டில் செய்வதற்கு வாசலில் இருந்து ஒரு சமதரைத் தூரத்தை, முப்பது மீட்டர், கயிற்றால் அளந்து இரண்டு கல் வையுங்கள். மேட்டுப் பாதை வேண்டாம், பென்னாகரம் பக்கம் எல்லாத் தெருவும் ஏற்றம்தான் என்றாலும் களத்து மேட்டில் சமதரை கிடைக்கும். காலையில், மார்கழி என்றால் பனி விலகிய பிறகு, வெயில் ஏறும் முன்பு. வாரத்தில் ஐந்து நாள். முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், மொத்தம் இருபது, முப்பது நிமிடம் நிற்காமல் வந்த பிறகுதான் வேகத்தைக் கூட்ட வேண்டும்.

ஆக்சிமீட்டர் வாங்கினால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த எண்ணும் திணறலும் ஒன்றல்ல. 95 காட்டும்போது மூச்சு வாங்கலாம், அது பெரும்பாலும் தேங்கிய காற்றால் வருவது, பயப்பட வேண்டாம். 86 காட்டும்போது எதுவும் தெரியாமலும் இருக்கலாம், அதுதான் ஆபத்து. நடக்கும்போது 88க்குக் கீழே இறங்கினால் நின்றுவிடுங்கள், ஓய்வில் ஏறுகிறதா பாருங்கள், இரண்டு மூன்று நாள் அப்படியே இறங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள், நடக்கும்போது ஆக்சிஜன் வைக்க வேண்டியிருக்கலாம். விரல் சில்லென்று இருந்தால் கருவி தவறாகக் காட்டும், தேய்த்துச் சூடாக்கிவிட்டு வையுங்கள்.

செய்யக் கூடாததில் இரண்டைச் சொல்ல வேண்டும். மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியை நம் ஊரில் எல்லா மூச்சுக்காரர்களுக்கும் கையில் கொடுக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு சுருங்கிக் கிடக்கும் நுரையீரலை விரிக்க வந்தது அது. உங்கள் அம்மாவின் நுரையீரல் ஏற்கெனவே அளவுக்கு மேல் விரிந்து கிடக்கிறது, அதில் பந்தைத் தூக்கி நிறுத்தி என்ன ஆகப்போகிறது, தினமும் அதற்குச் செலவழிக்கும் அரை மணி நேரத்தை நடைக்குக் கொடுக்கலாம். அதுபோலக் கபாலபாதி மாதிரி வேகமாகத் தள்ளும் மூச்சும் வேண்டாம், தேக்கம் கூடும். மெதுவாக நீளமாக விடும் பிராணாயாமத்தில் தவறில்லை, ஆனால் அது நடைக்கு மாற்றாகாது. காலுக்கு அது எதுவும் செய்யாது என்பதுதான் காரணம்.

எல்லோருக்கும் உடனே ஆரம்பிக்கக் கூடாது என்பதும் உண்டு. சமீபத்தில் மாரடைப்பு, அடிக்கடி நெஞ்சுவலி, மயக்கம், கட்டுப்படாத ரத்த அழுத்தம் இருந்தால் முதலில் இதயத்தைப் பார்க்க வேண்டும். காலில் வீக்கம், காலையில் தலைவலியோடு எழுவது, பகலெல்லாம் அசதியாகத் தூங்கி விழுவது, இவை இருந்தால் கரியமில வாயு தேங்குகிறதா என்று டாக்டர் பார்க்கட்டும். பழைய காசநோய்த் தழும்பு உள்ளவர்கள், கிருஷ்ணகிரி கல்குவாரிகளில் வேலை பார்த்து நெஞ்சில் தூசி ஏறியவர்கள், இவர்களுக்கும் பயிற்சி பலன் கொடுக்கிறது, ஆனால் ஆக்சிஜன் வேகமாக இறங்கும், அதனால் அருகில் ஆள் இருக்கத் தொடங்க வேண்டும். சளியில் காசநோய்க் கிருமி இன்னும் இருந்தால் முதலில் அதற்கு மருந்து.

இன்னொரு எல்லையையும் மறைக்க மாட்டேன். பயிற்சியை நிறுத்தினால் ஆறு மாதம், ஒரு வருடத்தில் பலன் கரைந்துவிடும், தசை அப்படித்தான். அந்தக் காவேரிப்பட்டணத்து அம்மா மகள் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் உட்கார்ந்தே இருந்துவிட்டு வந்தபோது 274 மீட்டர் 238 ஆகியிருந்தது. மறுபடி ஐந்து வாரம். அப்புறம் விறகடுப்பு. வீட்டில் சிலிண்டர் இருந்தும் டீக்கு மட்டும் கேஸ், களிக்கும் வெந்நீருக்கும் விறகு என்று வைத்திருப்பீர்கள், பல வீடுகளில் அப்படித்தான். காலில் எவ்வளவு சம்பாதித்தாலும் புகை நுரையீரலில் எடுத்துக்கொண்டே இருக்கும். வெந்நீர் அடுப்பையாவது அம்மா இருக்கும் பக்கத்தில் இருந்து வெளியே கொண்டுபோய்விடுங்கள், அதை ஊதும் வேலை அவருக்கு இருக்கக் கூடாது.

முதல் நாள் தர்மபுரிக்குப் போகும்போது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கூட்டிப்போங்கள். காலில் இறுக்கமாகப் பிடிக்கும் செருப்பு, ரப்பர் செருப்பு வழுக்கும். எடுத்துக்கொள்ளும் இன்ஹேலர்களை எல்லாம் ஒரு பையில் போட்டு, ஸ்பைரோமெட்ரி தாளோடும் பழைய இ.சி.ஜி.யோடும் கொண்டுபோங்கள். அன்று அவர் எத்தனை மீட்டர் நடந்தார் என்பதைக் கேட்டு, வீட்டு காலண்டரில் அந்தத் தேதியில் எழுதி வையுங்கள். எட்டு வாரம் கழித்து ஸ்பைரோமெட்ரியோடு ஒப்பிடாமல் அதோடு ஒப்பிடுங்கள்.